அமாவாசைக் கணக்கு: பழவேற்காட்டு வீடுகளுக்குச் சில குறிப்புகள்

பழவேற்காட்டில் எங்கள் மகளிர் குழுவுக்குப் பன்னிரண்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். குழுக் கணக்கை முடித்ததும் அக்காமார் தங்கள் வீட்டு நோட்டை நீட்டி, "இதையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லும்மா, எங்கே போச்சுன்னே தெரியல" என்பார்கள். அப்படிப் பார்த்த நோட்டுகளில் செலவை எழுதாத வீடு குறைவு. மாதக் கடைசியில் போட்ட திட்டத்தோடு செலவை ஒட்டிப் பார்க்கும் இடத்தில்தான் தவறு வருகிறது. மாதச் சம்பள வீட்டுக்குச் சொன்ன முறையை அப்படியே எடுத்து மீனவர் வீட்டில் போட்டால் கணக்கு பொய் சொல்லும். எங்கள் வீடுகளில் பயன்பட்டதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1. மாதத்தை ஒன்றாம் தேதியில் தொடங்காதீர்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏரியில் நீரோட்டம் கூடும். இறால் வலையில் விழுவதும் அப்போது கூடும். காலண்டர் மாதத்தில் சில சமயம் இரண்டு நல்ல ஓட்டம் வரும், சில சமயம் மூன்று வரும். 1ஆம் தேதி அமாவாசை, 15இல் பௌர்ணமி, 30இல் மறுபடி அமாவாசை என்று விழுகிற மாதத்தில் கையில் காசு தாராளமாக இருக்கும். அடுத்த மாதம் சுருங்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "போன மாசம் நல்லா இருந்தோம், இந்த மாசம் ஊதாரித்தனம் பண்ணிட்டோம்" என்று வீட்டில் சண்டை வரும். தப்பு செலவில் இருக்காது, மாதத்தை வெட்டிய இடத்தில் இருக்கும்.

அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி அடுத்த அமாவாசையில் முடியுங்கள். 29 அல்லது 30 நாள் வரும். எந்த மாதத்தை எடுத்தாலும் ஒரு பௌர்ணமி ஓட்டமும் ஒரு அமாவாசை ஓட்டமும் இருக்கும். அப்போதுதான் ஒரு மாதத்தை இன்னொன்றோடு ஒப்பிடுவதற்கு அர்த்தம் உண்டு. காலண்டரை ஒட்டி வரும் செலவுகளுக்கு மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. அதைப் பாதி பாதியாகப் பிரித்து இரண்டு கணக்கிலும் எழுதுங்கள். வாரத் தவணைக் கடன் இருந்தால், ஒரு கணக்கில் நான்கு தவணையும் இன்னொன்றில் ஐந்தும் விழும். திட்டம் போடும்போதே அந்த மாதத்தில் எத்தனை தவணை நாள் என்று எண்ணிவிட்டால் பிறகு திகைக்க வேண்டியதில்லை.

2. பணத்தை எழுதும் முன் நாளை எழுதுங்கள்.

கணக்குப் பக்கத்தின் முதல் வரி, "எத்தனை நாள் தண்ணிக்குப் போனோம்" என்பதாக இருக்கட்டும். போகாத நாளுக்கு ஒரு சொல்லில் காரணம் எழுதுங்கள்: காற்று, புயல் எச்சரிக்கை, வலை தைப்பு, கோயில், ராக்கெட். எதிர்க்கரையில் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறதே, ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று தகவல் வந்துவிடும். அந்த நாள் வருமானம் அவ்வளவுதான். ஏரிக்குள் பாடு வைத்துப் பிடிக்கிற கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஊர்களில் வேறு கணக்கு: அங்கே முறை வந்தால்தான் அந்த இடத்தில் வலை போட முடியும். முறை என்றைக்கு என்பது முன்கூட்டியே தெரியும் என்பதால், அந்த நாட்களைக் காலண்டரில் இப்போதே வட்டமிட்டு வைக்கலாம்.

நாளை எழுதுவதால் என்ன பயன்? வருமானம் குறைந்தால் நாள் குறைந்ததா, நாளுக்குக் கிடைத்தது குறைந்ததா என்று உடனே தெரியும். நாள் குறைந்திருந்தால் அடுத்த மாதம் சரியாகலாம். போன நாளெல்லாம் போயும் நாளொன்றுக்குக் கிடைத்தது மூன்று மாதமாக இறங்கிக்கொண்டே வந்தால் அது வேறு செய்தி. வெயில் காலத்தில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் கடல் தண்ணீர் ஏரிக்குள் வந்து போவது நின்று, மீன்பாடு இப்படித்தான் மெல்ல இறங்கும். அப்போது திட்டத்தையே குறைத்துப் போட வேண்டும். செலவில் அங்கங்கே சுரண்டிக் கொண்டிருப்பதில் பயன் இல்லை.

3. படகுப் பணத்தை வீட்டு நோட்டில் ஏற்றாதீர்கள்.

மீன் விற்ற தொகை முழுவதையும் வரவில் எழுதிவிட்டு, டீசல், ஐஸ், வலைச் சாமான் எல்லாவற்றையும் செலவில் எழுதுகிற வீடுகள் உண்டு. அப்படிச் செய்தால் செலவுப் பக்கம் பூதமாகத் தெரியும். அதில் அரிசிக்கு எவ்வளவு போனது என்று கண்டுபிடிக்க முடியாது. படகுச் செலவு, வலைப் பங்கு, ஆள் பங்கு எல்லாம் பிரித்த பிறகு வீட்டுக்கு வருகிற பங்கு எதுவோ அதை மட்டும் எழுதுங்கள். படகும் வலையும் சொந்தமாக இருந்தால் அதற்குத் தனி நோட்டு போடுங்கள்.

4. கையில் வராத காசையும் எழுதுங்கள்; கையில் வந்தாலும் கடனை வரவில் சேர்க்காதீர்கள்.

இந்தக் குறிப்புக்காகவே மற்றதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய வீட்டில் தினமும் மீன் காசில் கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பங்கு 800 என்றால் கைக்கு 700 வரும். நோட்டில் 700 என்று எழுதினால் வரவும் குறைவு, கடன் கட்டியதும் காணோம். 800ஐ வரவில் எழுதி, 100ஐ 'கடன் தவணை' என்று செலவில் எழுதுங்கள். மாதம் முடிந்ததும் பிடித்தம் எல்லாவற்றையும் கூட்டினால், முன்பணத்தில் இன்னும் எவ்வளவு பாக்கி என்பது நம் நோட்டிலேயே தெரியும். வியாபாரி சொல்லும் பாக்கியோடு அது ஒத்துப்போகிறதா என்று மாதம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் கொடுக்கிற துண்டுச் சீட்டைக் கிழித்துப் போடாமல் ஒரு கம்பியில் குத்தி வையுங்கள்.

இதற்கு நேர் எதிரானது நகையை அடகு வைத்த பணம், குழுக் கடன், கைமாற்று. இவை கைக்கு வரும்போது வருமானம் மாதிரியே இருக்கும். கல்யாணமான புதிதில் நானே இந்தத் தப்பைச் செய்தேன். வளையலை அடகு வைத்த 5,000 ரூபாயை வரவில் எழுதிவிட்டு, "இந்த மாசம் 1,500 மிச்சம்" என்று மாமியாரிடம் சொன்னேன். அவர் நோட்டைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பார்த்துவிட்டு, "அப்போ வளையல் எங்கேம்மா?" என்றார். அந்த மாதம் உண்மையில் 3,500 ரூபாய் துண்டு விழுந்திருந்தது. அதிலிருந்து நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கடனுக்கென்றே ஒதுக்கினேன். வாங்கியது, கட்டியது, நிற்பது என்று மூன்றே வரி.

மளிகைக் கடைப் பாக்கிக்கும் இதே நியாயம்தான். பொருள் வாங்கிய நாளில் எழுதுங்கள். காசு கொடுத்த நாளில் எழுதினால் இந்த மாத அரிசி அடுத்த மாதக் கணக்கில் போய் உட்காரும்.

மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் கட்டுகிற பணமும் இந்த வகையில் வரும். நாம் 1,500 கட்டினால் அரசுப் பங்கு 3,000 சேர்ந்து 4,500 ஆகத் திரும்ப வருகிறது. கட்டும்போது அதைச் செலவில் எழுத வேண்டாம், சேமிப்பில் எழுதுங்கள். திரும்ப வரும்போது 3,000 மட்டும்தான் புது வரவு. மீதி 1,500 நம்முடைய பணம்தான், வீடு திரும்புகிறது.

5. திட்டத்தை நல்ல மாதத்தில் போடாதீர்கள்.

மழை மாதங்களில் இறால் நன்றாக வரும்போது மனசும் பெரிதாக இருக்கும். அப்போது போட்ட திட்டம் சித்திரை, வைகாசியில் நிற்காது. கையில் உள்ள நோட்டில் மிகக் குறைந்த இரண்டு மூன்று மாத வரவைப் பாருங்கள். அதற்குள் அடங்குமாறு திட்டம் போடுங்கள். சராசரி எடுக்க வேண்டாம். சராசரிக்கு மேலே இருக்கிற பணம் கார்த்திகையில் செலவாகிவிட்டிருக்கும், கீழே விழுகிற மாதத்தில் அது கைக்கு வராது.

இந்தியா, வங்கதேசம், தென்னாப்பிரிக்கா மூன்று நாடுகளிலும் ஏழை வீடுகளின் வரவு செலவை வருஷம் முழுக்கச் சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்க் கேட்டு எழுதினார்கள் ஆய்வாளர்கள். அது 'போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் தி புவர்' என்ற புத்தகமாக 2009இல் வந்தது. வருமானம் குறைவு என்பதோடு, அது எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் அந்த வீடுகளை அலைக்கழிக்கிறது என்பது அதன் முக்கியமான செய்தி. எங்கள் ஊர்க்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் திட்டம் போடும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

6. தலைப்பு ஏழுக்கு மேல் வேண்டாம்.

அரிசி மளிகை; காய், பால், கறி; கேஸ், கரண்ட், போன்; பள்ளி, மருந்து; கடன் தவணை; விசேஷம், மொய்; சேமிப்பு. இதற்கு மேல் பிரித்தால் இரண்டாவது வாரத்திலேயே நோட்டு மூடிவிடும். 'இதர' என்று ஒரு தலைப்பு மட்டும் கூடவே கூடாது. எல்லாச் செலவும் அங்கே போய் ஒளிந்துகொள்ளும்.

7. ஒரு வீட்டுக் கணக்கை முழுதாகப் பாருங்கள்.

பள்ளி திறந்த மாதத்தில் ஒரு வீட்டுக்கு உட்கார்ந்து போட்ட கணக்கு இது. யாருடைய வீடு என்று தெரியாமல் இருக்கத் தொகைகளைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். கணவர் வலைக்குப் போகிறார், மனைவி மீன் வாங்கி விற்கிறார், படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர், பாட்டி ஒருவர்.

29 நாளில் தண்ணிக்குப் போனது 17 நாள். பங்கு நாளுக்குச் சராசரி 800 வீதம் 13,600. அம்மாவின் மீன் வியாபார லாபம் 3,200. மகளிர் உரிமைத் தொகை 1,000. மொத்த வரவு 17,800.

திட்டமும் செலவும் இப்படி:

அரிசி மளிகை: திட்டம் 5,000, செலவு 5,700.
காய், பால், கறி: திட்டம் 2,000, செலவு 1,900.
கேஸ், கரண்ட், போன்: திட்டம் 1,600, செலவு 1,550.
பள்ளி, மருந்து: திட்டம் 1,200, செலவு 3,000.
கடன் தவணை (குழுவுக்கு 2,600, வியாபாரி பிடித்தம் 1,600): திட்டம் 4,200, செலவு 4,200.
விசேஷம், மொய்: திட்டம் 800, செலவு 1,500.
சேமிப்பு: திட்டம் 1,200, போட்டது ஒன்றுமில்லை.

சேமிப்பை விட்டுப் பார்த்தால் திட்டம் 14,800, செலவு 17,850. திட்டத்தைத் தாண்டியது 3,050. வரவையும் 50 ரூபாய் தாண்டிவிட்டது. அந்த அக்கா நோட்டை மூடிவிட்டு, "நமக்கெல்லாம் திட்டம் சரிப்படாதும்மா" என்றார்.

நோட்டைத் திறந்து மறுபடி பார்த்தோம். போன மாதம் 21 நாள் போயிருக்கிறார்கள், நாளுக்கு 760. பங்கு 15,960 வந்தது. இந்த மாதம் பங்கு 2,360 குறைந்ததற்கு நாள் குறைந்ததுதான் காரணம், நாளுக்குக் கிடைத்தது 40 ரூபாய் கூடித்தான் இருக்கிறது. அடுத்து, தாண்டிய 3,050ஐப் பிரித்தோம். பள்ளியில் கூடுதலான 1,800 பை, நோட்டு, சீருடைக்கு ஆனது. வருஷத்துக்கு ஒருமுறை வருவது. மளிகையில் கூடுதலான 700இல் பாதி, ஐந்து லிட்டர் டின்னில் மிச்சமிருக்கிற எண்ணெய். அது அடுத்த மாதம் குறையும். மீதி 350 ரூபாய் சாயங்காலத்தில் பிள்ளைகள் பெட்டிக்கடையில் பாக்கி சொல்லி வாங்கியது. மொய் 700. காய்கறியிலும் பில்லிலும் 150 மிச்சம்.

ஆக, வருஷச் செலவையும் டின்னில் உள்ள எண்ணெயையும் தள்ளிப் பார்த்தால் உண்மையில் தாண்டியது 900 ரூபாய்தான். 3,050 என்று பார்த்தபோது தலைசுற்றியது, 900 என்றதும் பேச முடிந்தது. தாண்டிய தொகையை எப்போதும் இப்படி மூன்றாகப் பிரியுங்கள்: வருஷத்துக்கு ஒருமுறை வந்தது, முன்கூட்டி வாங்கியது, உண்மையிலேயே கூடிப்போனது. மூன்றாவதைப் பற்றி மட்டும் வீட்டில் பேசினால் போதும்.

8. வருஷச் செலவுக்கு ஒரு டப்பா.

மேலே சொன்ன வீட்டில் வருஷத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளை எழுதினோம். பள்ளித் திறப்புக்கு 1,800, பொங்கலுக்கு 3,600, மழைக்கு முன் கூரை பார்க்க 3,000, கூட்டினால் 8,400. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 700. இதற்குப் புதிதாகப் பணம் தேட வேண்டியதில்லை. சேமிப்பு என்று போட்டிருந்த 1,200இல் 700க்கு 'வருஷம்' என்று பெயர் வைத்து, மீதி 500ஐச் சேமிப்பாக விட்டோம். பெயர் வைக்காத சேமிப்பைப் பள்ளி திறக்கும்போது எடுத்துவிட்டு, "சேமிக்கவே முடியல" என்று வருத்தப்படுவோம். பெயர் வைத்தால் அது எதற்காக இருந்ததோ அதற்குத்தான் போயிருக்கிறது என்பது தெரியும்.

9. போனில் கணக்குப் போடுகிறவர்களுக்கு.

இப்போது பாதிச் செலவு போனிலேயே போகிறது. ஜிபே பட்டியலில் காசு யாருக்குப் போனது என்று இருக்கும், எதற்குப் போனது என்று இருக்காது. கடைக்காரர் பெயருக்குப் போன 340 ரூபாய் அரிசியா, பிஸ்கட்டா என்று மாதக் கடைசியில் யாருக்கும் நினைவிருக்காது. அன்றன்றைக்குச் சாயங்காலம் ஒரு சொல்லில் எழுதிவிடுங்கள். கணவர் போனிலிருந்து போனதையும் கேட்டு எழுதுங்கள்.

வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் Google Sheets-இல் மூன்று பத்தி போடச் சொல்லுங்கள்: A-யில் தேதி, B-யில் தலைப்பு, C-யில் தொகை. கூட்டலைத் தள்ளி வேறு பத்தியில், E-யில் வையுங்கள்:

```
=SUMIF(B:B,"அரிசி மளிகை",C:C)
=SUM(C:C)
```

முதல் வரி ஒரு தலைப்பின் மொத்தம். ஏழு தலைப்புக்கும் ஏழு வரி வேண்டும். இரண்டாவது வரி எல்லாச் செலவின் மொத்தம். ஏழையும் கூட்டினால் இரண்டாவதோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் எங்கேயோ 'அரிசி மளிகை' என்பதை 'மளிகைக் கடை' என்றோ, எழுத்துப் பிழையோடோ எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அது கூட்டாமல் விட்டுவிடும். கணக்கு திட்டத்துக்குள் அழகாக அடங்கிவிட்டது என்று சந்தோஷப்படும் முன் இதைச் சரிபாருங்கள். ஒவ்வொரு அமாவாசைக்கும் புதுப் பக்கம் தொடங்க வேண்டும், இல்லையென்றால் போன மாதமும் சேர்ந்து கூடிவிடும்.

10. உட்காரும் நேரம்.

அமாவாசைக்கு மறுநாள் சாயங்காலம், சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம். வலைக்குப் போய் வந்த களைப்பிலும், மீன் விலை போகாத நாளிலும் உட்கார வேண்டாம். இரண்டு பேரும் இருக்க வேண்டும். வளர்ந்த பிள்ளை இருந்தால் கூட்டலை அது வாசிக்கட்டும். "நீ எதுக்கு வாங்கின?" என்று தொடங்கினால் அடுத்த மாதம் அந்தச் செலவு நோட்டுக்கே வராது. "இது வருஷச் செலவா, கூடிப்போனதா?" என்று கேளுங்கள்.

மாதத்துக்கு ஒரே ஒரு மாற்றம் போதும். ஏழாவது குறிப்பில் சொன்ன வீட்டில் பெட்டிக்கடைச் செலவை எடுத்துக்கொண்டார்கள். பாக்கி நோட்டை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் கையில் வாரத்துக்கு 50 ரூபாய் கொடுத்தார்கள். அடுத்த அமாவாசையில் 350 இருந்த இடத்தில் 200 வந்தது.

மொய்யைத் தொடவில்லை. நம் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்களுக்குத் திரும்பச் செய்வது அது, குறைக்க முடியாது. மூன்று மாதம் தொடர்ந்து 800ஐத் தாண்டியதால் நான்காவது மாதம் திட்டத்தையே 1,200 ஆக்கினோம். சேர்ந்த 400இல் 150ஐப் பெட்டிக்கடை மிச்சத்திலிருந்தும், 100ஐக் காய்கறியிலிருந்தும், 150ஐ வியாபாரி பிடித்தம் குறைந்ததிலிருந்தும் எடுத்தோம். திட்டத் தொகைகளை அந்த அக்கா பென்சிலில்தான் எழுதுகிறார். செலவை மட்டும் பேனாவில்.